ஒன்றாம் பம்ப் இறைக்கவில்லை, இரண்டாம் பம்ப் டிரிப் ஆகிறது: ஒரு கழிவுநீர் உந்து நிலையத்தின் பராமரிப்புக் கையேடு குறித்த நிகழ்வு ஆய்வு

ஒரு நகராட்சியின் கழிவுநீர் உந்து நிலையத்தில், பராமரிப்புக் கையேட்டில் சொன்ன பணிகள் அனைத்தும் சொன்ன இடைவெளியில் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு பழுது பல வாரங்கள் பிடிபடாமல் இருந்தது. அந்தப் பழுது எப்படிக் கண்டறியப்பட்டது, கையேட்டின் எந்தப் பகுதி அதை மறைத்தது, அதன்பின் அந்தப் பகுதி எப்படி மாற்றி எழுதப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இதேபோல் இரண்டு பம்புகள் மாறி மாறி ஓடும் சிறிய நிலையங்களைக் கவனிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

நிலையத்தின் அமைப்பு

சேகரிப்புக் கிணறு வட்டமானது. உள்விட்டம் 4 மீட்டர். அதற்குள் 15 குதிரைத்திறன் கொண்ட இரண்டு நீர்மூழ்கிப் பம்புகள் வழிகாட்டிக் கம்பிகளில் இறக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் விநாடிக்கு ஏறத்தாழ 40 லிட்டர் தள்ளக்கூடியது. இரண்டின் வெளியேற்றுக் குழாய்களும் கிணற்றுக்கு வெளியே உள்ள வால்வு அறைக்குள் வருகின்றன. அங்கே ஒவ்வொரு குழாயிலும் முதலில் என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வும், அதற்கடுத்து குழாயைக் கையால் திறந்து மூடும் ஸ்லூயிஸ் வால்வும் இருக்கின்றன. பிறகு இரண்டும், நீரை நிலையத்திலிருந்து வெளியே கொண்டுசெல்லும் ஒரே பம்பிங் மெயினில் சேர்கின்றன. மிதவை சுவிட்சுகள் நீர்மட்டத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டி நிறுத்துகின்றன. ஓடும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையே 1.2 மீட்டர் வித்தியாசம் உண்டு. ஒருமுறை ஒன்றாம் பம்ப், அடுத்த முறை இரண்டாம் பம்ப் என்று பேனல் போர்டு தானே மாற்றிக்கொள்ளும். ஒரு பம்ப் ஓடியும் மட்டம் ஏறினால் இரண்டாவதும் சேர்ந்து ஓடும்.

லாக் புக்கில் இருந்த இரண்டு புகார்கள்

முதல் புகார், ஒன்றாம் பம்ப் சரியாக இறைக்கவில்லை என்பது. இரண்டாவது புகார், காலை நேர நெருக்கடியில் இரண்டாம் பம்ப் ஓவர்லோடு ரிலேயில் டிரிப் ஆகிறது என்பது. இரண்டும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு ஆபரேட்டர்களின் கையெழுத்தில் பதிவானவை. இவற்றைத் தொடர்புபடுத்திப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை, ஏனெனில் கையேட்டின் பழுது அட்டவணை பம்ப் வாரியாக எழுதப்பட்டிருந்தது.

"வெளியேற்றம் குறைவு" என்ற வரிக்கு எதிரே, "இம்பெல்லரில் அடைப்பு அல்லது தேய்மானம், பம்பைத் தூக்கிச் சரிபார்க்கவும்" என்று இருந்தது. அதன்படி ஒன்றாம் பம்ப் செயின் பிளாக்கில் தூக்கப்பட்டது. இம்பெல்லரில் அடைப்பு இல்லை. ஆனாலும் சிறிது தேய்ந்திருந்ததால் புதிய இம்பெல்லரும் தேய்மான வளையமும் போட்டார்கள். மீண்டும் இறக்கிய பிறகு மோட்டார் சுழலும் திசையையும் சரிபார்த்தார்கள்; மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஒயர்கள் இடம் மாறிவிட்டால் பம்ப் எதிர்த்திசையில் ஓடி, நீரை அரைகுறையாகத் தள்ளும் என்பதால் இந்தச் சோதனை அவசியமானது. திசை சரியாகவே இருந்தது. இருந்தும் வெளியேற்றத்தில் மாற்றமில்லை.

"ஓவர்லோடு டிரிப்" என்ற வரிக்கு எதிரே, "ரிலேயை ரீசெட் செய்து மீண்டும் ஓட்டவும், தொடர்ந்தால் எலக்ட்ரீஷியனுக்குத் தெரிவிக்கவும்" என்று இருந்தது. ரீசெட் செய்தால் பெரும்பாலும் ஓடிவிடும். ஆகவே அது தொடர்வதாகவே யாரும் கருதவில்லை.

ஹவர் மீட்டர் சொன்னது

இரண்டு பம்புகளும் மாறி மாறி ஓடுவதால், அவை ஓடத் தொடங்கும் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்கும். அப்படியானால் ஓடிய நேரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இந்த நிலையத்தின் பதிவேட்டில் ஒன்றாம் பம்ப் ஓடிய நேரம் இரண்டாம் பம்ப் ஓடிய நேரத்தைப்போல் சுமார் ஒன்றே முக்கால் மடங்கு இருந்தது. தினமும் இரண்டு எண்களும் எழுதப்பட்டன. ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்கும்படி கையேட்டில் எங்கும் சொல்லப்படவில்லை. எழுதப்படும் எண்ணை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத பதிவேடு பராமரிப்புக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு குறிப்பும் அதே பக்கங்களில் இருந்தது. ஒன்றாம் பம்ப் ஓடும்போது ஆம்பியர் வழக்கமான 18-லிருந்து 19.5-க்கு ஏறியிருந்தது, முள் துடிக்காமல் நிலையாக நின்றது. இம்பெல்லரின் வழி அடைபட்டு நீர் குறைந்தால், இவ்வகைப் பம்பில் ஆம்பியர் பொதுவாக இறங்கும். துணி சுற்றி உரசினால் ஏறும், ஆனால் முள் ஆடும். நிலையாகச் சற்றே ஏறுகிறது என்றால், பம்ப் குறைவாக அல்ல, வழக்கத்தைவிட அதிகமாகவே நீரைத் தள்ளுகிறது என்று பொருள். தள்ளிய நீர் முழுவதும் ஏன் பம்பிங் மெயினுக்குள் போகவில்லை என்பதுதான் கேள்வி. மெயினில் உள்ள அழுத்தமானியும் 1.4-க்குப் பதில் 1.1 கிலோ காட்டியது. ஆனால் மெயினில் போகும் நீர் எந்தக் காரணத்தால் குறைந்தாலும் அந்த அழுத்தம் இறங்கும் என்பதால், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கிணற்றையே அளவுபாத்திரமாக்குதல்

ஓட்டமானி இல்லாத நிலையத்திலும் பம்பின் வெளியேற்றத்தை அளக்கலாம். கிணற்றின் பரப்பு 12.57 சதுர மீட்டர். அதில் 30 சென்டிமீட்டர் மட்டம் மாறினால் 3.77 கன மீட்டர் நீர் கூடியது அல்லது குறைந்தது என்று பொருள். முதலில் இரண்டு பம்புகளையும் நிறுத்தி, 30 சென்டிமீட்டர் ஏற எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் வரத்து தெரியும். பிறகு ஒரு பம்பை ஓட்டி, அதே 30 சென்டிமீட்டர் இறங்கும் நேரத்தைப் பார்த்தால், மட்டம் இறங்கும் வேகத்தோடு வரத்தைக் கூட்டிய தொகையே வெளியேற்றம்.

```
வெளியேற்றம் = (பரப்பு × இறக்கம் ÷ நேரம்) + வரத்து
```

அளவுகோல் நாடாவை மேல் மேடையிலிருந்தே இறக்கிப் பார்க்க வேண்டும். இதற்காக யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டிய தேவையே இல்லை.

வரத்து ஓரளவு சீராக இருக்கும் பிற்பகல் வேளையில் இந்த இறக்கச் சோதனை செய்யப்பட்டது. பம்புகளை நிறுத்திவிட்டு, வால்வுகள் எதையும் தொடாமல் பார்த்தபோது, 30 சென்டிமீட்டர் ஏற இரண்டரை நிமிடம் ஆயிற்று. அதாவது நிமிடத்துக்கு 1.51 கன மீட்டர் வரத்து. இது அந்த வேளைக்கு மிக அதிகம் என்று ஆபரேட்டரே சொன்னார். எனவே இரண்டு ஸ்லூயிஸ் வால்வுகளையும் மூடிவிட்டு மீண்டும் பார்த்தோம். இம்முறை 5 நிமிடம் ஆயிற்று. வரத்து நிமிடத்துக்கு 0.75 கன மீட்டர்தான். வால்வுகள் திறந்திருந்தபோது கிணற்றுக்குள் வந்த நீரில் பாதி, சாக்கடையிலிருந்து வரவில்லை. சற்று முன் பம்ப் மேலே தள்ளிய நீர் பம்பிங் மெயினிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது.

எந்தக் குழாய் வழியாகத் திரும்புகிறது என்பதை அடுத்த மூன்று ஓட்டங்கள் காட்டின. இரண்டு வால்வுகளும் திறந்திருக்க ஒன்றாம் பம்பை ஓட்டியபோது, 30 சென்டிமீட்டர் இறங்க 4 நிமிடம் ஆயிற்று. கணக்கிட்டால் நிமிடத்துக்கு 1.70 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 28 லிட்டர். இரண்டாம் பம்பை ஓட்டியபோது 2 நிமிடம் 25 விநாடி, விநாடிக்கு 38.6 லிட்டர். இறுதியாக, இரண்டாம் பம்பின் ஸ்லூயிஸ் வால்வை மட்டும் மூடிவிட்டு ஒன்றாம் பம்பை ஓட்டியபோது 2 நிமிடம் 20 விநாடியில் இறங்கியது, விநாடிக்கு 39.5 லிட்டர். ஒன்றாம் பம்பில் குறையே இல்லை. ஓடாமல் நின்ற இரண்டாம் பம்பின் என்.ஆர்.வி. மூடாததால், ஒன்றாம் பம்ப் தள்ளிய நீரில் ஒரு பகுதி அதன் வழியே கீழிறங்கி, நிற்கும் பம்பைப் பின்னோக்கிச் சுழற்றிவிட்டு, கிணற்றிலேயே விழுந்துகொண்டிருந்தது.

இரண்டாவது புகாருக்கும் இதுவே விளக்கம். காலையில் வரத்து விநாடிக்கு 28 லிட்டரைத் தாண்டினால் ஒன்றாம் பம்பால் தனியே சமாளிக்க முடியாது, மட்டம் ஏறும், இரண்டாம் பம்புக்கு ஓட உத்தரவு போகும். அந்த நொடியில் அது எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருக்கும். மோட்டார் முதலில் அந்தச் சுழற்சியை நிறுத்தி, பிறகு சரியான திசையில் வேகமெடுக்க வேண்டும். இந்த நிலையத்தில் உள்ள ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், தொடக்கத்தில் மோட்டாருக்குக் கிடைக்கும் திருகுவிசை நேரடி இணைப்பில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதிக மின்னோட்டம் வழக்கத்தைவிட நெடுநேரம் நீடித்து, ரிலே சூடாகித் துண்டித்தது. ரிலே தன் வேலையைச் சரியாகவே செய்தது. ரீசெட் செய்து ஓட்டிய ஒவ்வொரு முறையும் தண்டுக்கும் மோட்டார் சுருளுக்கும்தான் பாதிப்பு சேர்ந்தது.

வால்வைத் திறந்தபோது

வால்வு அறை உலர்ந்த அறைதான் என்றாலும் அதுவும் மூடிய இடமே. கழிவுநீர்க் குழாயைத் திறக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படும். அதன் அழுகிய முட்டை நாற்றத்தை நம்பக் கூடாது, ஏனெனில் செறிவு 100 பிபிஎம்-ஐ நெருங்கும்போது மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனை இழந்துவிடுகிறது. மூடியைத் திறந்து காற்றூதி வைத்து, வாயுமானியில் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்-ஐத் தாண்டாமலும் இருப்பதை உறுதிசெய்த பிறகே, மேலே ஒருவர் காவல் நிற்க, பணியாளர்கள் அறைக்குள் சென்றனர். பணி முடியும்வரை வாயுமானி அறைக்குள்ளேயே இருந்தது. சேகரிப்புக் கிணற்றைப் பொறுத்தவரை, பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டு மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின்கீழ் குற்றம். பம்புகளைத் தூக்கி எடுக்க வழிகாட்டிக் கம்பிகளும் சங்கிலியும் இருக்கும்போது அதற்கான தேவையும் இல்லை.

இரண்டாம் பம்பின் சுவிட்சை அணைத்துப் பூட்டு போட்டு, சாவியை உள்ளே செல்பவரே வைத்துக்கொண்டார். அதன் ஸ்லூயிஸ் வால்வை மூடியதும் பழுதான என்.ஆர்.வி. மெயினிலிருந்து துண்டிக்கப்படுவதால், ஒன்றாம் பம்ப் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்க முடிந்தது. ஆனால் அந்த ஸ்லூயிஸ் வால்வைச் சோதனை நாளன்று மூடுவதற்கே இரண்டு பேர் வெகுநேரம் போராட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே தொடப்படும் வால்வு தேவைப்படும் நாளில் அசையாது.

மேல்மூடியைக் கழற்றியபோது, தடுப்புத் தட்டின் கீல் தண்டைச் சுற்றித் துணியும் தலைமுடியும் நைலான் நூலும் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்தன. தட்டு முழுவதும் இறங்காமல் பாதியில் நின்றது. ரப்பர் இருக்கையில் சேதம் இல்லை. சுத்தம் செய்து மூடிய பிறகு வரத்துச் சோதனையைத் திரும்பச் செய்தபோது, வால்வுகள் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒரே 5 நிமிடம்தான் ஆயிற்று.

இந்த என்.ஆர்.வி.யின் வெளிப்புறத்தில் எடை தொங்கும் ஒரு நெம்புகோல் உண்டு. பம்ப் ஓடும்போது அது மேலே எழும். நின்றவுடன் கீழே விழ வேண்டும். இரண்டாம் வால்வின் நெம்புகோல் பாதியிலேயே நின்றிருந்தது. வால்வு அறைக்குத் தினமும் ஒருவர் போய் வந்தார். கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவரிடம் சொல்லப்பட்டிருந்தது.

அந்தத் துணி எப்படி உள்ளே வந்தது என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. கிணற்றின் நுழைவாயிலில் உள்ள கூடை வடிகட்டியைச் சுத்தம் செய்ய மேலே தூக்கும்போது, நுழைவாயில் கதவை மூடாமலேயே தூக்கிவந்தார்கள். கூடை மேலே இருக்கும் நேரம் முழுவதும் கழிவுநீர் தடையின்றி உள்ளே வந்தது. கையேட்டில் "கூடையைத் தினமும் சுத்தம் செய்யவும்" என்று இருந்ததே தவிர, கதவை மூடிவிட்டுத் தூக்க வேண்டும் என்ற வரிசை சொல்லப்படவில்லை.

மாற்றி எழுதப்பட்ட பகுதி

புதிய பகுதியில் பணிகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. ஒவ்வொரு பணியும் எதைக் காட்டினால் அடுத்து என்ன செய்வது என்பதுதான் சேர்க்கப்பட்டது.

தினசரிப் பணியாக, இரண்டு பம்புகளின் ஓடிய நேரத்தையும் தொடங்கிய எண்ணிக்கையையும் எழுதி, பெரிய நேரத்தைச் சிறிய நேரத்தால் வகுக்க வேண்டும். விடை 1.25-ஐத் தாண்டி மூன்று நாள் நீடித்தால் இறக்கச் சோதனை செய்ய வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் நுழைவாயில் கதவை மூடி, கூடையைத் தூக்கிச் சுத்தம் செய்து, கூடை அதன் தடத்தில் முழுவதும் அமர்ந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். கதவு மூடியிருக்கும் நேரத்தில் பின்னால் குழாய்களில் நீர் தேங்கும் என்பதால், காலை நெருக்கடி நேரத்தில் இப்பணி கூடாது.

வாரந்தோறும் ஒவ்வொரு பம்பையும் கையால் ஓட்டி நிறுத்தி, இரண்டு நெம்புகோல்களும் முழுவதும் கீழே விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விழும் இடத்தைக் காட்ட வால்வின் உடலில் சிவப்புக் கோடு ஒன்று போடப்பட்டுள்ளது. மிதவை சுவிட்சுகளில் படியும் கொழுப்பை மேலிருந்தே நீர் பீய்ச்சி அகற்றுவதும் வாரப் பணியே.

மாதந்தோறும் இறக்கச் சோதனை செய்து, இரு பம்புகளின் வெளியேற்றத்தையும் பழைய மாத எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். சோதனைக்காக ஸ்லூயிஸ் வால்வுகளை முழுவதும் மூடித் திறப்பதால், அவை இறுகாமல் இருக்கும் வேலையும் கூடவே நடந்துவிடுகிறது. மின் இணைப்பைத் துண்டித்து, மோட்டார் சுருளின் மின்காப்பை 500 வோல்ட் மெக்கரில் அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் பம்பை ஓட்டக் கூடாது, தூக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பம்பைத் தூக்கி, எண்ணெய் அறையைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் கீழ் சீல் நீரை விடுகிறது என்று பொருள். என்.ஆர்.வி.யின் மேல்மூடியைத் திறந்து கீல் தண்டைப் பார்ப்பது ஆண்டுப் பணியிலிருந்து ஆறு மாதப் பணியாக மாற்றப்பட்டது.

பழுதுக்கான பதில் நடவடிக்கையில் இரண்டு வரிகள் முற்றிலும் மாறின. வெளியேற்றம் குறைந்தால், முதலில் நிற்கும் பம்பின் ஸ்லூயிஸ் வால்வை மூடிச் சோதிக்க வேண்டும். வெளியேற்றம் திரும்பினால் பழுது அந்த நிற்கும் பம்பின் என்.ஆர்.வி.யில். திரும்பாவிட்டால் சுழலும் திசை, அடுத்து அடிப்பீடத்தில் பம்ப் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பது, அதன்பின் இம்பெல்லர் என்ற வரிசையில் போக வேண்டும். இரண்டு பம்புகளிலும் ஒரே அளவு குறைவு இருந்து, அழுத்தமானி வழக்கத்தைவிட அதிகம் காட்டினால், பம்பிங் மெயினில் அடைப்பையோ காற்றுவால்வில் கோளாற்றையோ தேட வேண்டும்.

ஓவர்லோடு டிரிப் ஆனால், ஒரேயொரு முறை மட்டும் ரீசெட் செய்யலாம். அதற்கு முன் மற்ற பம்பை நிறுத்தி, அந்த நிமிடத்தில் மட்டம் அந்த வேளையின் வழக்கத்தைவிட வேகமாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஏறினால் டிரிப் ஆன பம்ப் பின்னோக்கிச் சுழல்கிறது. அதன் ஸ்லூயிஸ் வால்வை மூடி, அதை ஓட்டாமல் விட்டு, மற்ற பம்பை மட்டும் ஓட்ட வேண்டும். ரீசெட் செய்த நேரமும் அப்போதைய மட்டமும் கட்டாயம் எழுதப்பட வேண்டும்.

இறக்கச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. அவையும் கையேட்டிலேயே எழுதப்பட்டன. மழை பெய்யும்போதும், காலை ஏழு முதல் பத்து மணி வரையிலும் வரத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் சோதனை செய்யக் கூடாது. வரத்தைப் பம்ப் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைய சோதனையை விட்டுவிட வேண்டும். 2 நிமிடம் 20 விநாடி என்ற அளவில் 10 விநாடி பிசகினாலே விடை ஏறக்குறைய ஐந்து விழுக்காடு மாறும். ஆகவே இரு மாதங்களுக்கிடையே பத்து விழுக்காட்டுக்குக் குறைவான வித்தியாசத்தை வைத்து எந்தப் பம்பையும் தூக்க வேண்டியதில்லை. அடுத்த மாதமும் அதே திசையில் இறங்கினால் மட்டும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.